உம்ரா சென்று வந்தபின் வாட்ஸ்அப்பில் நேரம் தவறாகத் தெரிகிறதா?



உம்ராவுக்குச் சென்று திரும்பியவர்களும் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களும் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போனில் மணி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் பட்டியலில் செய்திக்குப் பக்கத்தில் தெரியும் நேரம் மட்டும் இரண்டரை மணி நேரம் குறைவாகக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடியும் போடட்டுமா?" என்பார்கள்.

தயவுசெய்து அழிக்க வேண்டாம். அழித்துப் போட்டாலும் அந்த இரண்டரை மணி நேரம் அப்படியேதான் இருக்கும். பழைய செய்திகளை முறையாக பேக்கப் எடுத்து வைக்காதவர்களுக்கு அவையும் போய்விடும். கோளாறு வாட்ஸ்அப்பில் கிடையாது. போனின் கடிகார அமைப்பில், இந்தியா என்று இருக்க வேண்டிய ஓர் இடத்தில் இன்னும் சவூதி என்று இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் திருத்துவது என்பதை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

போனுக்குள் இருப்பது இரண்டு

சுவர்க் கடிகாரத்தில் முள் மட்டும்தான் உண்டு. முள்ளை நகர்த்தினால் மணி மாறும், அவ்வளவுதான். போன் அப்படி இல்லை. அதற்குள் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன.

முதலாவது, ஓர் எண்ணிக்கை. 1970 ஜனவரி 1-ம் தேதி கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு தொடங்கி எத்தனை வினாடிகள் கழிந்தன என்று போன் எண்ணிக்கொண்டே இருக்கிறது. மக்காவில் இருக்கும் போனிலும் மதுரையில் இருக்கும் போனிலும் ஒரே நொடியில் இந்த எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதை உலக நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, நாம் இருக்கும் ஊரின் நேர மண்டலம். உலக நேரத்தோடு எத்தனை மணி கூட்ட வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து நமது நேரம் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம் வரும். சவூதிக்கு மூன்று மணி நேரம். எனவே நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம்.

போனின் முகப்பில் தெரியும் மணி இந்த இரண்டையும் கூட்டி வருவது. செய்தியில் பதிவாகி வருவதோ உலக நேரம் மட்டும்தான். நம் ஊரிலிருந்து இரவு 9.05-க்கு ஒரு செய்தி போனால், "9.05" என்று எழுதி அது போவதில்லை. அந்த எண் போகிறது. ஜித்தாவில் இருக்கும் போன் அதோடு மூன்று மணியைக் கூட்டி 6.35 என்று காட்டும். இங்கிருக்கும் போன் ஐந்தரை மணியைக் கூட்டி 9.05 என்று காட்டும். இரண்டும் சரிதான்.

ஊர் திரும்பியதும் போன் தானாக மாறியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பெரும்பாலும் மாறிவிடும். இந்திய சிம் டவரோடு சேரும்போது மணியும் மண்டலமும் டவரிலிருந்தே போனுக்கு வந்துவிடுவது வழக்கம். ஆனால் சவூதியில் வாங்கிய சிம் போனிலேயே இருக்க, நமது சிம் பர்ஸில் கிடக்க, வீட்டு வைஃபையில் மட்டும் போன் ஓடிக்கொண்டிருந்தால் அது நடக்காது. இணையம் வழியாக உலக நேரம் சரியாகக் கிடைத்துவிடும். ஆனால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அது சொல்லித் தராது. லொகேஷனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் போன் கடைசியாகத் தெரிந்த ஊரையே பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஆட்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

கையால் மணியை மாற்றினால் என்ன ஆகிறது

இதுவரை பெரிய தொல்லை இல்லை. முகப்பிலும் செய்தியிலும் சவூதி நேரம் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் யாராவது உதவி செய்ய வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நமது இரத்த தானக் குழுவில் உள்ள ஒரு பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். உம்ரா முடிந்து வந்த அன்று இரவு வீட்டுக் கடிகாரத்தில் 9 மணி. அவர் போனில் 6.30. "நன்னா, உங்க போன்ல மணி மாறல, குடுங்க நான் வச்சுத் தர்றேன்" என்று பேரன் வாங்கி, தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, மணியை 9 என்று கையால் வைத்துக் கொடுத்தான். மண்டலத்தை யாரும் பார்க்கவில்லை. அது சவூதியிலேயே நின்றது.

இப்போது அந்த போன் என்ன நினைக்கும் என்று பாருங்கள். இது சவூதி, இங்கே மணி 9, அப்படியானால் உலக நேரம் மாலை 6 மணி. உண்மையில் அப்போது உலக நேரம் பிற்பகல் 3.30. ஆக, சரியாக இருந்த ஒன்றும் கெட்டுவிட்டது. இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைப்பதால் முகப்பில் மட்டும் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

9.05-க்குக் குழுவில் ஒரு செய்தி வந்தது. பிரசவத்துக்குச் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு உடனே இரத்தம் வேண்டும் என்று. செய்தியில் இருந்த உலக நேரம் 3.35. போன் அதோடு மூன்று மணியைக் கூட்டி 6.35 என்று காட்டியது. முகப்பில் மணி 9.05. பெரியவர் அதைப் பார்த்து, இரண்டரை மணி நேரத்துக்கு முந்தைய செய்தி, யாராவது போயிருப்பார்கள் என்று வைத்துவிட்டார். அவருடைய இரத்த வகை அந்தக் குழுவில் மிகச் சிலருக்கே உண்டு. அல்ஹம்துலில்லாஹ், வேறு ஒருவர் போய்க் கொடுத்தார். மறுநாள் பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது.

அவர் பதில் அனுப்பியிருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். நாம் அனுப்பும் செய்திக்கு நமது போன் தன் கடிகாரத்தைப் பார்த்தே நேரம் போட்டுக்கொள்வதுண்டு. வருகிற செய்தி 6.35, நாம் போட்ட பதில் 9.06, அதற்கு அவர்கள் எழுதியது 6.37 என்று தெரியும். சில போன்களில் வரிசையே கலைந்து, கேள்விக்கு மேலே பதில் ஏறி நிற்கும். பட்டியலில் இப்படி முன்னும் பின்னுமாகத் தெரிந்தால், கையால் மணி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தொழுகை நேரம் சொல்லும் செயலிகளிலும் இதே கதைதான். பெரும்பாலான செயலிகள் நாம் இருக்கும் இடத்தின் சூரிய மறைவை உலக நேரத்தில் கணக்கிட்டு, போனின் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகின்றன. நம் ஊரில் மஃரிப் 6.20 என்று வைத்துக்கொள்வோம். மண்டலம் மட்டும் தவறாக இருந்தால் செயலி 3.50 என்று காட்டும், ஆனால் பாங்கு ஒலிப்பது சரியான நொடியில்தான். கையால் மணி மாற்றிய போனிலோ, வெயில் அடித்துக்கொண்டிருக்கும் 3.50-க்கே பாங்கு ஒலிக்கும். பகலில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் 5 மணி ஃபஜ்ருக்கான பாங்கு 2.30-க்கு ஒலித்தால், நோன்பு வைக்க எழுந்தவர் ஸஹர் நேரம் முடிந்துவிட்டது என்று சாப்பிடாமலே படுத்துவிடக்கூடும்.

அலாரம் இதற்கு நேர்மாறு. அது முகப்பு மணியைப் பின்பற்றும். மண்டலம் மட்டும் தவறாக இருக்கும் போனில் காலை 7 மணி இன்சுலின் அலாரம் 9.30-க்கு அடிக்கும். கையால் மாற்றிய போனில் 7 மணிக்கே சரியாக அடிக்கும். அலாரம் சரியாக அடிக்கிறதே என்ற தைரியத்தில்தான் பலர் மாதக்கணக்கில் மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எது தவறு என்று பார்ப்பது எப்படி

பக்கத்தில் இருக்கும் ஒருவரை உங்களுக்கு இப்போதே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்ததும் மூன்றைப் பாருங்கள்: சுவர்க் கடிகாரம், போனின் முகப்பு மணி, அந்தச் செய்திக்குப் பக்கத்தில் உள்ள நேரம்.

முகப்பும் செய்தியும் ஒரே அளவு தவறாக இருந்தால் மண்டலம் மட்டும்தான் தவறு. முகப்பு சரியாக இருந்து செய்தி மட்டும் தவறாக இருந்தால், மண்டலமும் தவறு, மணியும் கையால் வைக்கப்பட்டது. மூன்றும் ஒத்துப்போனால் போனில் ஒன்றுமில்லை. பயணத்தில் இருந்தபோது வந்த பழைய செய்திகளின் நேரம் மாறிவிட்டதாகத் தோன்றினால் அது தவறு கிடையாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எத்தனை மணி நேரம் தவறு என்பதே எந்த ஊர் மண்டலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டரை மணி நேரம் குறைவு என்றால் சவூதி, குவைத், கத்தர், பஹ்ரைன். ஒன்றரை மணி நேரம் குறைவு என்றால் துபாய், அபுதாபி, மஸ்கட். மலேசியா, சிங்கப்பூர் சென்று வந்தவர்களுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாக, இன்னும் வராத நேரத்தில் செய்தி வந்ததுபோல் தெரியும். சரியாக அரை மணி நேரம் மட்டும் குறைவு என்றால், யாரோ திருத்தப் போய் பட்டியலில் கராச்சியையோ தாஷ்கண்டையோ தொட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் கூடுதல் என்றால் டாக்கா. இலங்கை சென்று வந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அங்கேயும் நமது நேரம்தான்.

திருத்தும் வரிசை

முதலில் இந்திய சிம்மைப் போட்டு, விமானப் பயன்முறையை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். டவரோடு போன் புதிதாகச் சேரும். தானியங்கி அமைப்பு அணைக்கப்படாமல் இருந்தால் பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். சாம்சங் போன்களில் Settings, General management, Date and time என்று உள்ளே செல்லுங்கள். மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் Settings, System, Date & time என்று இருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் Date என்று அடித்தால் போதும். அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று Automatic date and time, மற்றது Automatic time zone. சில போன்களில் Set time automatically, Set time zone automatically என்று எழுதியிருக்கும். முதலாவது உலக நேரத்துக்கு, இரண்டாவது ஊருக்கு. இரண்டையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவதைப் போட்டும் மண்டலம் GMT+03:00 என்றே நின்றால் அதை மட்டும் அணைத்துவிட்டு, Time zone என்பதைத் தொட்டு India தேர்ந்தெடுங்கள். GMT+05:30 என்று தெரிய வேண்டும். முதல் பொத்தானை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

இங்கே ஓர் இடத்தில் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். கையால் மணி வைக்கப்பட்ட போனில் மண்டலத்தை மட்டும் இந்தியாவாக மாற்றினால், முகப்பு மணி 9-லிருந்து 11.30-க்குத் தாவும். உடனே, ஐயோ கெட்டுவிட்டது என்று பழையபடி சவூதியையே வைத்துவிடுவார்கள். உண்மையில் அப்போதுதான் பாதி சரியாகியிருக்கிறது. முதல் பொத்தானைப் போட்டு, இணையமும் இருந்தால், சிறிது நேரத்தில் 9-க்கு இறங்கிவிடும்.

ஐபோனில் Settings, General, Date & Time. அங்கே Set Automatically என்று ஒரே பொத்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. அதைப் போட்டும் ஊர் மாறவில்லை என்றால் லொகேஷன் அணைந்திருக்கலாம். Settings, Privacy & Security, Location Services என்று போய் அதைப் போட்டு, கீழே System Services என்பதற்குள் Setting Time Zone என்பதையும் போடுங்கள்.

திருத்திய பிறகு மறுபடியும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தவறான நேரத்தில் வந்து நின்ற செய்திகளும் தாமாகவே சரியாகிவிடும், ஏனென்றால் அவற்றில் உள்ள உலக நேரம் ஆரம்பம் முதலே சரிதான். ஆனால் மணி கெட்டிருந்தபோது நீங்கள் அனுப்பிய சில செய்திகள் உங்கள் போனில் மாறாமல் போகலாம். 9.06-க்கு அனுப்பியது 11.36 என்று நிற்கும். அதற்கு மருந்து இல்லை, விட்டுவிடுங்கள். கணக்கு வழக்குக்கோ ஆதாரமாகவோ அந்த நேரம் தேவைப்பட்டால், அதைப் பெற்றவரின் போனில் என்ன நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

மடிக்கணினிக்குத் தனிக் கணக்கு

போன் சரியாகி, மடிக்கணினியில் திறக்கும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சல் பட்டியலிலும் மட்டும் நேரம் தவறாக இருந்தால் வியப்பில்லை. அதற்குத் தனியாக ஒரு மண்டலம் உண்டு. விண்டோஸில் Settings, Time & language, Date & time என்று போய், Time zone என்ற இடத்தில் (UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே பக்கத்தில் Sync now என்பதை அழுத்துங்கள். பிள்ளைகளுக்குக் கட்டளை அடிக்கத் தெரிந்தால், இப்போது என்ன மண்டலம் இருக்கிறது என்று இப்படிப் பார்க்கலாம்:

```
tzutil /g
```

India Standard Time என்று வர வேண்டும். Arab Standard Time என்று வந்தால் கணினி இன்னும் ரியாதில் இருக்கிறது. Arabian Standard Time என்று வந்தால் துபாயில். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கவனமாகப் படிக்க வேண்டும்.

தவறுபோலத் தெரிந்தாலும் தவறில்லாதவை

மேலே பாதியில் விட்டதற்கு வருகிறேன். மக்காவில் அதிகாலை 5 மணிக்கு நீங்கள் வீட்டுக்கு அனுப்பிய செய்தி, ஊர் திரும்பியபின் உங்கள் போனில் 7.30 என்று தெரியும். போன் எல்லாச் செய்திகளையும் இப்போது இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டுவதால் வருவது இது. ஆனால் அதே 5 மணிக்கு எடுத்த புகைப்படத்தின் விவரத்தில் 5 மணி என்றே இருக்கும். கேமரா எடுத்த இடத்தின் மணியை அப்படியே எழுதி வைத்துவிடுவது வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டு எது பொய் என்று தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு. பெயருக்குக் கீழே last seen என்று தெரியும் நேரம் பார்ப்பவரின் ஊர் நேரம். ரியாதில் இருப்பவர் இரவு 11 மணிக்குப் போனை வைத்துவிட்டுப் படுத்தால், இங்கே மனைவியின் போனில் 1.30 என்று காட்டும். "ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் யாரோட பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்பதற்கு முன் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.